இளஞ்சிவப்பு ஏன் நிற்பதில்லை?

பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. கீழே கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீனும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் போன பலரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டுக் குடுவையைச் சுழற்றும்போது, ஒரு சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பு வந்து நின்றுவிடுகிறது. அளவைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், குடுவையில் நிறமே இல்லை. உடனே கை திருகுக்குப் போகும். இன்னொரு சொட்டு விட்டால் நிறம் வரும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும்.

அந்த இன்னொரு சொட்டை விட்டிருக்கக் கூடாது. அமிலம் முதல் தடவையே தீர்ந்துபோயிற்று. அதன்பின் நிறத்தைக் கலைத்தது குடுவைக்குள் இருக்கும் காற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆச்சரியமாகவே இருக்காது. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி. எடுத்திருக்கிறோம், காரம் 0.1 மோலார் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 20 மி.லி. காரம் செலவாகும். ஃபினால்ஃப்தலீன் நிறம் காட்டத் தொடங்குவது pH 8.2-க்கு மேல்தான். 9-ஐ ஒட்டி வந்தால் நம் கண்ணுக்கு மெல்லிய சிவப்பு தெரியும். குடுவையிலுள்ள 40 மி.லி. கரைசலை அந்த நிலைக்குக் கொண்டுவர மிஞ்ச வேண்டிய காரம், ஒரு சொட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நாம் பார்க்கும் நிறம் முழுவதும் இந்தச் சொற்பத்தை நம்பித்தான் நிற்கிறது.

இனி எதிர்ப்பக்கம். காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்குதான். ஆனால் கரைசலுக்கு மேலே குடுவையில் இருக்கும் 200 மி.லி. காற்றில் உள்ள அந்த வாயுவே, மிஞ்சிய காரத்தைப் போல எட்டு மடங்கு காரத்தைத் தீர்த்துவிடும். குடுவையின் வாய் வேறு திறந்திருக்கிறது. சுழற்றச் சுழற்றப் புதுக் காற்று உள்ளே வருகிறது. நடப்பது இதுதான்:

CO₂ + OH⁻ → HCO₃⁻

வலது பக்கம் இருப்பது பைகார்பனேட். அதன் கரைசல் pH 8.3 அளவில் நிற்கும். அங்கே ஃபினால்ஃப்தலீனின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துபோகும்.

அப்படியென்றால் நிறம் ஏன் உடனே போகாமல் சற்று நேரம் நிற்கிறது? வாயு முதலில் நீரின் மேற்பரப்பைத் தாண்டிக் கரைய வேண்டும். கரைந்த பிறகும் அது அவசரப்படுவதில்லை. சாதாரண அமிலம் காரத்தைக் கண்டதும் நொடிக்குள் வினைபுரிந்துவிடும். நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடோ பெரும்பாலும் அமிலமாக மாறாமல் அப்படியே மிதக்கிறது. pH 9-ஐ ஒட்டி அது வினைபுரிந்து முடிக்கப் பல விநாடிகள் பிடிக்கும். இந்தத் தாமதம் நம் உடம்புக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் ரத்தச் சிவப்பணுக்களில் இதே வினையை வேகப்படுத்தக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. குடுவையில் அந்த நொதி கிடையாது, ஆகவே நமக்கு எழுதிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

நிறம் 30 விநாடி நின்றால் அதுவே முடிவுநிலை என்று ஆய்வகத்தில் சொல்வதற்குக் காரணமும் இதுதான். சொட்டு விழுந்த இடத்தில் சிவந்து, சுழற்றியதும் மறைந்தால் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது; தொடர்ந்து விடலாம். அரை நிமிடம் நின்று மெல்ல வெளிறினால் விட்டுவிட வேண்டும். மனம் கேட்காமல் மூன்று சொட்டு கூட விட்டால் 0.15 மி.லி. ஏறிவிடும், 20 மி.லி.யில் அது 0.75 சதவீதப் பிழை. அதைவிடத் தொல்லை, எவ்வளவு நேரம் காத்திருந்தோம், எவ்வளவு சுழற்றினோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும். ஒத்த அளவீடு கிடைக்காமல் மாணவர்கள் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காரம் 0.01 மோலார் போல நீர்த்ததாக இருந்தால் ஒரு சொட்டின் பலம் பத்தில் ஒன்றாகக் குறையும், சிக்கல் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

குற்றவாளி காற்றுதானா என்று சந்தேகப்படுகிறவர்கள், நிறம் வந்த கரைசலுக்குள் ஒரு குழாயை விட்டு மெதுவாக ஊதிப் பார்க்கலாம் (உறிஞ்சிவிடக் கூடாது). வெளிவிடும் மூச்சில் இந்த வாயு நூறு மடங்கு அதிகம் என்பதால் நிறம் மளமளவென்று போய்விடும். இன்னொரு குடுவையில் நிறம் வந்ததும் கார்க் போட்டு அசைக்காமல் வைத்தால் அது கூடுதல் நேரம் நிற்கும். காய்ச்சி வடித்த நீர் நாள்கணக்கில் திறந்து கிடந்ததாக இருந்தால் அதற்குள்ளேயே வாயு கரைந்திருக்கும். கவனமான ஆய்வுகளில் நீரைச் சில நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து எடுப்பது அதற்காகத்தான்.

நிறம் போனதெல்லாம் காற்றின் வேலை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிகவும் அடர்ந்த காரத்திலும் ஃபினால்ஃப்தலீன் சிவந்து, மெல்ல நிறமிழக்கும். அங்கே நிறங்காட்டியின் மூலக்கூறே ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டு மாறிவிடுகிறது. பிரித்தறிவது எளிது. காற்றால் வெளிறியதில் ஒரு சொட்டு காரம் விட்டால் சிவப்பு திரும்பும். அடர்ந்த காரத்தில் வெளிறியதில் அமிலத்தை விட்டுக்கொண்டே போனால்தான் சிவப்பு தலைகாட்டும்.