சிபி2000 கடிதம் வந்தால் பதில் போடணுமா?

டாக்ஸ் கட்டியாச்சு, ரீஃபண்டும் வந்து செலவாயாச்சு. ஒரு வருஷம், சில சமயம் ஒன்றரை வருஷம் கழித்து ஐஆர்எஸ்ஸிடமிருந்து தபாலில் ஒரு தடித்த உறை வரும். மூலையில் CP2000 என்று ஒரு எண், முதல் பக்கத்திலேயே நீங்கள் கட்ட வேண்டியதாக ஒரு தொகை, ஒரு கடைசித் தேதி. நம்மில் பலர் இந்த இடத்தில் ரெண்டில் ஒன்றைச் செய்கிறோம். பயந்துபோய் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறோம். இல்லையென்றால் 'வீக்எண்ட்ல பாத்துக்கலாம்' என்று டிராயரில் போட்டுவிடுகிறோம். ரெண்டுமே நஷ்டம்தான்.

முதலில் அது என்ன கடிதம் என்று புரிந்துகொள்வோம். உங்கள் கம்பெனி, வங்கி, பங்குத் தரகர் எல்லோரும் உங்களுக்கு அனுப்பும் டபிள்யூ-2, 1099 படிவங்களின் பிரதியை ஐஆர்எஸ்ஸுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே அதையும் நீங்கள் கொடுத்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் வேலையில் ரெண்டு ஃபைலுக்கு டிஃப் எடுப்பது மாதிரிதான். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையென்றால் கடிதம் வரும். ஆகவே சிபி2000 பில்லும் அல்ல, முழு ஆடிட்டும் அல்ல. 'எங்களிடம் இருக்கும் தகவல்படி உங்கள் வரி இப்படி மாறும், சம்மதமா?' என்று கேட்கிற ஒரு முன்மொழிவு. கேள்வி கேட்டிருப்பதால் பதில் போட்டே ஆகணும். சம்மதம் என்றாலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

என்ன பதில் என்பதை முதல் பக்கத்தில் உள்ள தொகை சொல்லாது. உள்ளே ஒரு அட்டவணை இருக்கும். நீங்கள் காட்டியது ஒரு பத்தி, மற்றவர்கள் ஐஆர்எஸ்ஸிடம் சொன்னது ஒரு பத்தி, வித்தியாசம் ஒரு பத்தி. அதோடு எந்த நிறுவனம், எந்தக் கணக்கு என்ற விவரமும் இருக்கும். அந்தத் தொகை நிஜமாகவே உங்கள் கணக்கில் விடுபட்டதா, இல்லை வேறு வரியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பிள்ளையின் பெயரில் சேமிப்புக் கணக்கைத் திறந்து, சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்ட இடத்தில் அம்மாவுடையதைக் கொடுத்திருந்தால், அந்த வட்டி அம்மாவின் வருமானமாகத்தான் அங்கே போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நம் வீடுகளில் அடிக்கடி வருவது இந்த ரகம்தான். அவருக்குக் கம்பெனி ஆர்எஸ்யூ பங்குகள் கொடுத்தது. வரிக்குப் பிடித்தது போக 100 பங்குகள் கைக்கு வந்தன. அன்றைய விலை 120 டாலர், ஆக 12,000 டாலர். இந்தத் தொகை சம்பளத்தோடு சேர்ந்து டபிள்யூ-2வில் வந்துவிட்டது, அதற்கு வரியும் கட்டியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் 125 டாலருக்கு விற்றார். வந்தது 12,500. நிஜமான லாபம் 500 டாலர்தான். 'அதான் டபிள்யூ-2வுல வந்துடுச்சே' என்று நினைத்து, தரகர் அனுப்பிய 1099-பியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

அந்த 1099-பியில் விற்ற தொகை 12,500 என்று இருந்தது. வாங்கிய விலை இருக்க வேண்டிய இடம் காலி. ஆர்எஸ்யூ விஷயத்தில் அந்த இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ வருவது சகஜம். ஐஆர்எஸ் பார்வையில் என்ன ஆகும்? ஓசியில் வந்த பங்கை 12,500 டாலருக்கு விற்ற கதை. அவர் 24 சதவீத வரம்பில் இருந்தார், ஒரு வருஷத்துக்குள் விற்றதால் சம்பளத்துக்கு உள்ள அதே விகிதம். கடிதம் கேட்டது 3,000 டாலர், மேலே வட்டி. அவர் நிஜமாகக் கட்ட வேண்டியதோ 500 டாலருக்கு 120. பயந்து செக் எழுதியிருந்தால், ஒரே வருமானத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டியிருப்பார்.

ஆக அவருடைய பதில் 'சம்மதமில்லை'. கடிதத்தோடு வரும் பதில் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்தார். மூன்று காகிதங்களை இணைத்தார். ஒன்று, நிரப்பிய ஃபார்ம் 8949. அதில் விற்ற தொகை 12,500, வாங்கிய விலை 12,000, லாபம் 500 என்று எழுதி, அந்த 500ஐ ஷெட்யூல் டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு, பங்கு கைக்கு வந்த நாளையும் அன்றைய விலையையும் காட்டும் தரகரின் தாள். மூன்று, அந்தத் தொகை சம்பளத்தில் சேர்ந்ததைக் காட்டும் பே ஸ்லிப். முன்னால் அரைப் பக்கக் கடிதம்: '1099-பி விடுபட்டது உண்மை, ஆனால் வாங்கிய விலை சேர்க்கப்படவில்லை, சரியான லாபம் 500 டாலர்.' கோபமோ கதையோ வேண்டாம், படிக்கிறவருக்குக் கணக்குதான் வேண்டும். சிபி2000க்குப் பதிலாக 1040-எக்ஸ் திருத்தக் கணக்கைத் தனியாகத் தாக்கல் செய்தால் குழப்பம்தான் கூடும். பதில் படிவம் போதும்.

தபாலில் அனுப்பலாம், ஃபேக்ஸ் செய்யலாம், கடிதம் அனுமதித்தால் irs.gov தளத்திலும் ஏற்றலாம். எப்படி அனுப்பினாலும் அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் கடிதத் தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். காகிதம் கிடைக்கத் தாமதமானால், கெடு முடிவதற்குள் அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கூடுதல் நாள் கேட்கலாம்.

பதிலே போடாவிட்டால்? அடுத்து வருவது பற்றாக்குறை அறிவிப்பு என்ற சட்டபூர்வமான கடிதம். அது வந்தபின் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் மனுப் போட 90 நாள்தான். அந்தச் சமயத்தில் ஐஆர்எஸ்ஸுக்குக் காகிதங்களை அனுப்பிக்கொண்டே இருக்கலாம், ஆனால் அதற்காக அந்த 90 நாள் நீளாது. அதுவும் தாண்டினால் அந்த 3,000 டாலர் நிஜமான பில்லாகிவிடும். வட்டியோ, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்த அந்த ஏப்ரலிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

பதில் வேண்டாத கடிதங்களும் உண்டு. சிபி2005 வந்தால் உங்கள் விளக்கத்தை ஏற்று விஷயத்தை முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஃபைலில் வைத்தால் போதும். ஈமெயிலில் 'சிபி2000' என்று வந்தால் அதைத் தொடவே வேண்டாம், அது மோசடி. நிஜக் கடிதம் தபாலில் வரும், செக் கேட்டாலும் 'அமெரிக்கக் கருவூலம்' பெயருக்குத்தான் கேட்கும். சந்தேகமாக இருந்தால் irs.gov தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

அண்ணனுக்குக் கடைசியில் 120 டாலரும் கொஞ்சம் வட்டியும்தான் ஆனது. ஆனால் அதோடு முடியவில்லை. ஐஆர்எஸ் செய்த மாற்றம் மாநில வரித் துறைக்கும் போகும் என்பதால், மாநிலக் கணக்கையும் திருத்த வேண்டியிருந்தது. அப்புறம் அண்ணிதான் கேட்டார்: 'ஏங்க, அடுத்த வருஷமும் வித்தோமே, அதையும் இப்படித்தானே விட்டீங்க?' போய்ப் பார்த்தால் அதே கதை. அந்த வருஷத்துக்கு இன்னும் கடிதம் வரவில்லை. இங்கேதான் 1040-எக்ஸ் வேண்டும். கடிதத்துக்குக் காத்திருக்காமல், அந்த வருஷத்து ஃபார்ம் 8949ஐ இணைத்துத் தாக்கல் செய்துவிட்டார்கள்.