இரண்டு மணி நேரம் முன்பு என்றால், எந்த ஊரிலிருந்து?

தொலைதூரப் பேருந்துகளுக்கு டிக்கெட் விற்கும் ஒரு மொபைல் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் டிக்கெட்டை ரத்து செய்யும் வசதியைச் சேர்க்க வேண்டும். என்ன வேண்டும் என்பதை புராடக்ட் மேனேஜர் விளக்கமாக எழுதித் தருகிறார். பிஆர்டி என்று மென்பொருள் நிறுவனங்களில் சொல்லப்படும் தேவை ஆவணம் இதுதான். பல பக்கங்களுக்கு நீளும் அதில் 4.2 என்று எண்ணிட்ட பத்தி இப்படி இருக்கிறது: "பேருந்து புறப்படுவதற்கு 2 மணி நேரம் முன்புவரை பயணி டிக்கெட்டை ரத்து செய்யலாம். பணம் செலுத்திய வழியிலேயே திருப்பித் தரப்படும். இருக்கை உடனே விற்பனைக்கு வரும். பயணிக்கு எஸ்எம்எஸ் போகும்."

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் டெவலப்பர்கள் இதை வைத்து வேலையைத் தொடங்க முடியாது. பிசினஸ் அனலிஸ்ட் ஒருவர் இதை மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும்: யூசர் ஸ்டோரிகள், விடை தெரியாத கேள்விகள், பிறர் கையில் இருக்கும் வேலைகள்.

யூசர் ஸ்டோரி என்பது, ஒருவர் மென்பொருளை வைத்து என்ன செய்ய விரும்புகிறார், எதற்காக என்பதைச் சொல்லும் ஓரிரு வரி. 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் வளர்த்தெடுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் இது சிறு அட்டைகளில் எழுதப்பட்டது. அட்டையில் எல்லாமே இருக்காது, மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

4.2ஆம் பத்தியில் நான்கு வாக்கியங்கள் இருப்பதால் நான்கு ஸ்டோரி என்று எழுதிவிடுவது புதியவர்களின் வழக்கம். யாருக்கு வேண்டும் என்று கேட்டால் கணக்கு மாறும். ரத்தும் பணமும் பயணிக்கு வேண்டியவை. காலியான இருக்கை மீண்டும் விலைபோக வேண்டும் என்ற கவலை பயணிக்கு இல்லை, பேருந்து உரிமையாளருக்குத்தான் உண்டு. ஆகவே அது தனி ஸ்டோரி. எஸ்எம்எஸ்ஸோ ஸ்டோரியே அல்ல. பயணியின் ஸ்டோரி முடிந்தது என்று ஒப்புக்கொள்வதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக அது அடியில் வரும். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 4.2 என்ற பத்தி எண்ணைக் குறித்துவைப்பது அவசியம். எண் போட முடியாத வரி ஏதாவது இருந்தால், அது ஆவணத்தில் இல்லாத, சுருக்கியவரின் சொந்தச் சரக்கு.

அந்தச் சொந்தச் சரக்குதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. கோவையில் இரவு 9 மணிக்குக் கிளம்பி சேலம் வழியாகப் பெங்களூரு போகும் பேருந்து ஒன்று. சேலத்தில் ஏறுபவருக்கு அது நள்ளிரவு 12 மணிக்கு வரும். அவர் இரவு 9.30க்கு ரத்து செய்யப் பார்க்கிறார். அவர் ஏறும் நேரத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, ஆனால் பேருந்து கோவையை விட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. ரத்து செய்யலாமா, கூடாதா? ஆவணம் பதில் சொல்லவில்லை. "கிளம்பும் ஊர்தானே, வேறென்ன" என்று சுருக்குபவர் தானாகவே தீர்மானித்து எழுதிவிட்டால், படிக்க இன்னும் அழகான சுருக்கம் கிடைக்கும். சேலத்துப் பயணி புகார் கொடுக்கும்வரை அங்கே ஒரு சந்தேகம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

இத்தகைய ஓட்டைகளைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்டோரியை இரண்டு டெஸ்டர்களிடம் தனித்தனியே கொடுத்து, "சேலம், 9.30, என்ன நடக்க வேண்டும்?" என்று கேட்க வேண்டும். விடைகள் வேறுபட்டால் அது கேள்விப் பட்டியலுக்குப் போக வேண்டியது. அங்கேயும் வெறும் கேள்விக்குறி போதாது. யார் பதில் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள், பதில் வராவிட்டால் எந்த ஸ்டோரி நிற்கும் என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். நால்வருக்கு எடுத்த டிக்கெட்டில் ஒருவரை மட்டும் நீக்கலாமா என்பதும் இதே பட்டியலில் சேரும்.

கேள்விக்குப் பதில் போதும். மூன்றாவது வகைக்கு யாரோ ஒருவர் வேலை செய்து தர வேண்டும். எஸ்எம்எஸ்ஸையே பாருங்கள். டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, நிறுவனங்கள் அனுப்பும் செய்தியின் வாசக அமைப்பைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்காவிட்டால், புரோகிராமில் ஒரு பிழைகூட இல்லாமலேயே செய்தி பயணியைச் சேராது. ஆகவே அந்த விண்ணப்பம் கோடு எழுதத் தொடங்கும்போதே போயாக வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்புவது பேமென்ட் கேட்வேயின் கையில், இருக்கையை விடுவிப்பது பேருந்து நிறுவனத்தின் கணினியில்.

இந்தப் பட்டியல்களும் ஒருமுறை எழுதி மூடிவைப்பவை அல்ல. சேலம் கேள்விக்கு, "பயணி ஏறும் நிறுத்தத்தின் நேரம்தான் கணக்கு" என்று பதில் வருகிறது என வைத்துக்கொள்வோம். கேள்வி தீர்ந்தது. ஆனால் இனி ஒவ்வொரு நிறுத்தத்தின் நேரத்தையும் பேருந்து நிறுவனத்தின் கணினி அனுப்பியாக வேண்டும். அது இப்போது அனுப்புவது கிளம்பும் நேரத்தை மட்டும்தான் என்றால், கேள்விப் பட்டியலில் அடிக்கப்பட்ட வரி மூன்றாவது பட்டியலில் புதிதாக முளைக்கும், பயணியின் ஸ்டோரி அது வரும்வரை காத்திருக்கும்.