இன்னும் வராத மூட்டையையும் எண்ணுங்கள்

மாணவர்களே, தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ நடந்து பாருங்கள். கடைவாசலில் லோரி நிற்கும். மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால், “இன்றைக்கு ஆர்டர் போடலாமா, வேண்டாமா?” என்று கடைக்காரர் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. அலமாரியில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அந்த முடிவை எடுத்தால் என்ன ஆகும்? ஒரு கற்பனைக் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடை. தோசைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உளுந்து விற்கிறது. ஒரு நாளைக்கு 5 மூட்டை போகிறது. கிள்ளானில் இருக்கும் மொத்த வியாபாரியிடம் காலையில் ஆர்டர் சொன்னால், ஆறு நாள் கழித்து 50 மூட்டை வந்து இறங்கும். அந்த ஆறு நாளில் 30 மூட்டை விற்றுவிடும். திடீரென்று விற்பனை கூடினால் சமாளிக்க இன்னும் 10 மூட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே கடையின் விதி இது: கணக்கு 40 மூட்டைக்கோ அதற்குக் கீழோ வந்தால் ஆர்டர் போட வேண்டும்.

இந்த 40 எந்தக் கணக்கு? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில், அலமாரியை மட்டும் எண்ணும் கடைக்காரரைப் பார்ப்போம். முதல் நாள் காலையில் 40 மூட்டை இருக்கிறது. விதிப்படி 50 மூட்டைக்கு ஆர்டர் போடுகிறார். மறுநாள் காலை எண்ணினால் 35. 40க்குக் கீழே வந்துவிட்டதே! மறுபடியும் 50. மூன்றாம் நாள் 30, மறுபடியும் 50. முதல் லோரி ஏழாம் நாள்தான் வரும். அதற்குள் அவர் ஆறு ஆர்டர் போட்டிருப்பார். ஏழாம் நாளிலிருந்து தினமும் ஒரு லோரி வந்து நிற்கும். பன்னிரண்டாம் நாள் காலையில் கடையில் 285 மூட்டை குவிந்திருக்கும். அது 40க்கு இறங்க 49 நாள் ஆகும். பணம் முடங்கும், இடம் அடைபடும், உளுந்தில் வண்டு விழும். கிள்ளான் வியாபாரிக்கோ ஒரே வாரத்தில் ஆறு ஆர்டர் வந்து, பிறகு ஏழு வாரத்துக்கு ஒன்றுமே வராது.

விதியில் தவறில்லை. எதை எண்ணுவது என்பதில்தான் தவறு. முதல் நாள் ஆர்டர் போட்ட 50 மூட்டை வழியில் இருக்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்து எண்ணும் கணக்குக்கு ‘இருப்பு நிலை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்:

இருப்பு நிலை = கையிருப்பு + வரவேண்டிய சரக்கு − கொடுக்கவேண்டிய சரக்கு

கையிருப்பு என்பது கடையில் இப்போது இருப்பது. வரவேண்டியது, நாம் ஆர்டர் போட்டு இன்னும் கைக்கு வராதது. கொடுக்கவேண்டியது, வாடிக்கையாளர் கேட்டு, நாமும் ஒப்புக்கொண்டு, இன்னும் கொடுக்காதது.

இந்தக் கணக்கில் முதல் நாள் ஆர்டர் போட்டதும் இருப்பு நிலை 40லிருந்து 90க்கு ஏறுகிறது. மறுநாள் 85. அது 40க்கு வருவது பதினோராம் நாள்தான். அன்றுதான் அடுத்த ஆர்டர். கடையில் குவியலும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை.

ஏன் இந்தக் கணக்கு சரியாக வருகிறது? இன்றைக்குப் போடும் ஆர்டர் ஆறு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள், முன்பு ஆர்டர் போட்டவை எல்லாம் வந்துவிடும். கடனாக நிற்கும் மூட்டைகளும் கொடுக்கப்பட்டுவிடும். ஆகவே ஆறு நாள் கழித்துக் கடையில் இருக்கப்போவது, இன்றைய இருப்பு நிலையிலிருந்து அந்த ஆறு நாள் விற்பனையைக் கழித்தால் வரும் எண். சரிபாருங்கள்: முதல் நாள் ஆர்டர் போட்டபின் இருப்பு நிலை 90. ஆறு நாளில் 30 விற்கிறது. ஏழாம் நாள் காலை லோரி இறக்கியபின் கடையில் 60. அலமாரி இன்றைய நிலவரத்தைக் காட்டுகிறது. இருப்பு நிலை, ஆர்டர் வந்துசேரும் நாளின் நிலவரத்தைக் காட்டுகிறது.

கொடுக்கவேண்டியதை ஏன் கழிக்கிறோம்? தீபாவளி நெருக்கடியில் கடை காலியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 0. வழியில் 50 மூட்டை. மூன்று நாளில் வரும். உணவகங்களுக்கு 20 மூட்டை தருவதாகச் சொல்லியாகிவிட்டது. அந்த 20ஐக் கழிக்க மறந்தால் கணக்கு 50 என்று நிற்கும். ஆர்டர் வேண்டாம் என்று தோன்றும். கடையிலிருந்து வெளியே போக ஒன்றும் இல்லாததால், மூன்று நாளும் அந்த எண் அசையாமல் 50 என்றே இருக்கும். ஆனால் தினமும் 5 மூட்டைக்குப் புது வாக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். லோரி வரும்போது கடன் 35 ஆகியிருக்கும். வந்த 50ல் 35 உடனே போய்விட, மிஞ்சுவது 15; அது மூன்று நாளுக்குத்தான் வரும். இப்போது விழித்துக்கொண்டு ஆர்டர் போட்டாலும் சரக்கு வர ஆறு நாள். கடை மறுபடியும் மூன்று நாள் காலி. 20ஐக் கழித்திருந்தால் இருப்பு நிலை 30 என்று முதலிலேயே தெரிந்திருக்கும். அன்றே போட்ட ஆர்டர், அந்த 15ம் தீரும் வேளையில் வந்து சேர்ந்திருக்கும்.

வழியில் இருப்பதை மறப்பது சிறு கடைக்காரரின் தவறு மட்டுமல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு விநியோக விளையாட்டு உண்டு. சில்லறைக் கடையிலிருந்து தொழிற்சாலை வரை நால்வர் ஒரு சங்கிலியாக ஆர்டர் போட்டு விளையாட வேண்டும். வாடிக்கையாளர் கேட்பது வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8க்கு ஒரே ஒரு முறை உயர்ந்து, பிறகு அப்படியே நிற்கும். அதற்கே ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கும். பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989ல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்கள் ஆர்டர் போட்டு இன்னும் வந்துசேராத சரக்கைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று காட்டினார். சராசரிக் குழுவின் செலவு, ஆகக்கூடிய குறைந்த செலவைப்போல் ஏறக்குறைய பத்து மடங்காக இருந்தது.

இருப்பு நிலையும் ஏமாற்றக்கூடும். மொத்த வியாபாரி சத்தமில்லாமல் ஆர்டரைக் கைவிட்டிருக்கலாம். கொள்கலன் துறைமுகத்தில் தாமதமாகலாம். ஏட்டில் 50 மூட்டை வரவேண்டியதாகவே இருக்கும். இருப்பு நிலையும் நன்றாகவே தெரியும். அலமாரி மட்டும் காலியாகும். ஆகவே வரவேண்டிய தேதி கடந்த ஆர்டர்களைத் தனியாக எடுத்து, தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். வராது என்று தெரிந்தால் அன்றே கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

இப்போது உங்கள் பள்ளிக் கூட்டுறவுக் கடைக்கு வாருங்கள். அலமாரியில் 25 பயிற்சிப் புத்தகம். 50 புத்தகம் ஆர்டரில் இருக்கிறது. படிவம் ஒன்று மாணவர்கள் 40 புத்தகத்துக்குப் பணம் கட்டிவிட்டு, வகுப்புக்கு மொத்தமாகக் கேட்டுக் காத்திருக்கிறார்கள். இருப்பு நிலை 40க்கு வந்தால் ஆர்டர் போடுவது விதி. இன்று போடலாமா? 25ஐயும் 50ஐயும் கூட்டி 40ஐக் கழியுங்கள்: 35. ஆம், இன்றே போட வேண்டும்.