அரை மீட்டர் டீசல் எத்தனை லிட்டர்?

பெட்ரோல் பங்கில் ஊழியர் ஒருவர் நீளமான உலோகக் கோலை நிலத்தடி டேங்குக்குள் இறக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் டிப் ராடு. கோல் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பார்த்து, டிப் சார்ட் என்ற அட்டவணையில் அதற்கு நேரே உள்ள லிட்டரைக் குறித்துக்கொள்வார். அட்டவணை எதற்கு, உயரத்தை வைத்தே பெருக்கிவிடலாமே என்று தோன்றும். நிமிர்ந்து நிற்கும் டேங்க் என்றால் பெருக்கலாம். இது படுக்கவைத்த உருளை.

2 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். நிறைந்திருந்தால் சுமார் 18,850 லிட்டர். கோல் 50 சென்டிமீட்டர் காட்டுகிறது. அது விட்டத்தில் கால் பங்கு. ஆகவே டீசலும் கால் பங்கு, அதாவது 4,712 லிட்டர் என்று எழுதினால், இல்லாத ஆயிரம் லிட்டரைக் கணக்கில் ஏற்றியதாகிவிடும்.

டேங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு வட்டம். டீசலின் மேல்மட்டம் அந்த வட்டத்தில் ஒரு நாண். நாணுக்கும் கீழே உள்ள வில்லுக்கும் இடைப்பட்டதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்துண்டு. அதன் பரப்பை நேராகப் பிடிக்க வழியில்லை. சுற்றித்தான் வர வேண்டும். மையத்திலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் ஆரம் வரைந்தால் ஒரு வட்டக்கோணப்பகுதி கிடைக்கும். அதிலிருந்து நாணுக்கு மேலே உள்ள முக்கோணத்தைக் கழித்தால் மிஞ்சுவது வட்டத்துண்டு.

ரேடியன் இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஒரு கோணத்தின் ரேடியன் அளவு என்பது, அதற்கு எதிரே உள்ள வில்லின் நீளம் ஆரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே. ஆகவே வில்லின் நீளம் rθ. வட்டக்கோணப்பகுதியை மையத்திலிருந்து மெல்லிய முக்கோணங்களாகக் கீறினால், எல்லாவற்றுக்கும் உயரம் ஏறத்தாழ r, அடிப்பக்கங்கள் சேர்ந்து rθ. பரப்பு r²θ/2. கழிக்க வேண்டிய முக்கோணத்துக்கு ஒரு ஆரம் அடிப்பக்கம் என்றால் உயரம் r sin θ. பரப்பு r² sin θ/2. எனவே:

A = (r²/2)(θ − sin θ)

கோல் சொல்வது உயரம்தான், கோணம் அல்ல. கோணத்தைப் பெற cos(θ/2) = (r − h)/r என்ற உறவு போதும். நம் டேங்கில் r = 1, h = 0.5. பாதிக் கோணம் 60 டிகிரி. முழுக் கோணம் 120 டிகிரி, அதாவது 2.0944 ரேடியன். அதன் சைன் 0.8660. கழித்துப் பாதியாக்கினால் 0.6142 சதுர மீட்டர். நீளம் 6 மீட்டரால் பெருக்கினால் 3,685 லிட்டர்.

டீசல் பாதிக்கு மேல் ஏறிவிட்டால் வேறு சூத்திரம் தேட வேண்டாம். கோணம் 180 டிகிரியைத் தாண்டியதும் சைன் எதிர்க்குறி ஆகிவிடும். முக்கோணத்தைக் கழிப்பதற்குப் பதில் சூத்திரமே கூட்டிக்கொள்ளும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கால்குலேட்டரில். கோணத்தை 120 என்றே போட்டுவிட்டால் பரப்பு 59 சதுர மீட்டருக்கு மேல் வரும். முழு வட்டமே 3.14 என்பதால் உடனே பிடிபட்டுவிடும். ஆபத்தானது இன்னொன்று: கோணத்தை 2.0944 என்று சரியாக மாற்றிவிட்டு, சைன் காணும்போது திரையில் DEG இருப்பதைக் கவனிக்காமல் விடுவது. அப்போது 1.029 சதுர மீட்டர், அதாவது 6,174 லிட்டர் வரும். பார்த்தால் சந்தேகமே எழாது. ஒரு எளிய சோதனை உண்டு. நாணின் நீளம் 1.732, உயரம் 0.5, பெருக்கினால் 0.866. வட்டத்துண்டு அந்தச் செவ்வகத்துக்குள் அடங்க வேண்டும். பாதிக்குக் கீழே உள்ள அளவுகளில், செவ்வகத்தின் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே கூடுதலாக வந்தால் விடை சரி.

அடிமட்டத்தில் வேறொரு தொல்லை. டீசல் 1 சென்டிமீட்டர்தான் இருந்தால் கோணம் 0.2831, சைன் 0.2793. இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் இரண்டுமே 0.28, கழித்தால் பூஜ்யம். உண்மையில் 11 லிட்டர் கிடக்கிறது. அதே 1 சென்டிமீட்டர் டேங்கின் நடுமட்டத்தில் 120 லிட்டர். கோலைப் படிப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் வரும் வித்தியாசம், பாதி டேங்கில்தான் அதிகம்.

இந்தக் கணக்கு, டேங்க் துல்லியமான உருளையாக, சரிவில்லாமல், இரு முனைகளும் தட்டையாக இருக்கும்போதுதான் பொருந்தும். முனைகள் குவிந்திருந்தாலோ டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ சூத்திரம் தரும் விடையிலிருந்து அளவு விலகும். அதனால் ஒரு டேங்கின் சார்ட்டை, அளவு ஒன்றுபோலவே இருந்தாலும், இன்னொரு டேங்குக்குப் பயன்படுத்தக் கூடாது.