உங்களுக்குத் தெரியுமா? பல்லில் டீக்கறை படியாதிருக்க...

காபியைவிட டீதான் பல்லில் அதிகம் கறை படியவைக்கும். தேயிலையில் உள்ள டானின்தான் காரணம். பல்லின் மேல் எச்சில் புரதத்தாலான மெல்லிய படலம் எப்போதும் இருக்கும். டானின் அதில் ஒட்டிக்கொண்டு நிறத்தையும் பிடித்து வைக்கும். பால் சேர்த்தால் பாலிலுள்ள கேசின் புரதம் டானினில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் கறை குறையும். கட்டன் சாயா பிரியர்களுக்குத்தான் கவலை அதிகம்.

காலையில் டீ, காபி குடித்த பிறகு பல் தேய்ப்பதா, முன்பா? முன்பே தேய்ப்பது நல்லது. இரவு முழுக்கச் சேர்ந்த பற்படிவத்தில்தான் கறை எளிதில் பிடிக்கும். அதை முதலில் நீக்கிவிட்டால் ஒட்ட இடம் குறைவு. குடித்து முடித்ததும் ஒரு வாய் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்தால் போதும். எலுமிச்சை டீ என்றால் உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அமிலம் எனாமலை மென்மையாக்கியிருக்கும், அப்போது தேய்த்தால் எனாமலே தேயும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். ஒரே கோப்பையை மணிக்கணக்கில் வைத்து உறிஞ்சுவதைவிட ஒரேயடியாகக் குடித்து முடிப்பது மேல்.

பலர் கவனிக்காத ஒன்று: ஈறு வீக்கத்துக்கு மருத்துவர் தரும் குளோரெக்சிடின் வாய்க்கழுவியைப் பயன்படுத்தும் நாட்களில் டீ, காபி குடித்தால் பழுப்புக் கறை வேகமாகப் படியும். கொப்பளித்த உடனே டீ வேண்டாம்.

ஏற்கெனவே இறுகிவிட்ட கறையைக் கரித்தூள், உப்பு கொண்டு தேய்க்காதீர்கள். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.