முன்பின் தெரியாத கடைக்காரருக்கு ஒரு மெயில்

வெளிநாட்டில் இணையக் கடை நடத்தும் ஒருவருக்கு, அவருடைய தளத்தைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லும் மெயில்கள் ஓயாமல் வருகின்றன. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தளத்தைப் பார்த்ததாகச் சொல்வார்கள், நிறையக் குறைகள் இருப்பதாகச் சொல்வார்கள், குறைந்த விலையில் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள். எந்தக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அறிமுகமில்லாதவருக்கு வேலை கேட்டு அனுப்பும் இந்தக் கடிதத்தைத் தொழிலில் ‘கோல்டு ஈமெயில்’ என்பார்கள். தொலைதூரத்திலிருக்கும் ஒரு சிறிய குழு அனுப்பும் கடிதம் இந்தக் குவியலுக்குள் மூழ்காமல் இருக்க வேண்டுமானால், கடைக்காரர் தன் கையாலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியாவது அதில் இருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழு, இங்கிலாந்தில் மலையேற்ற பூட்ஸ் விற்கும் ஒரு நடுத்தரக் கடைக்கு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையின் தளம் ‘மஜெண்டோ’ என்ற மென்பொருளின் முதல் பதிப்பில் ஓடுகிறது. அந்தப் பதிப்புக்கான அதிகாரபூர்வ ஆதரவு 2020 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இரண்டாம் பதிப்பு 2015-லேயே வந்துவிட்டாலும், பழையதிலிருந்து புதியதற்கு ஒரு பொத்தானை அழுத்தி மாறிவிட முடியாது. பொருட்களையும் ஆர்டர்களையும் கொண்டுபோகக் கருவி உண்டு; ஆனால் கடையின் தோற்றத்தையும், அதில் பொருத்திய துணை மென்பொருள்களையும் புதிதாகத்தான் எழுத வேண்டும். ‘மறுபடி கட்டுவது’ என்ற பேச்சு எழுவதே இதனால்தான்.

ஒரு கடை எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். உலாவியில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால், படங்களும் வடிவமைப்புக் கோப்புகளும் வரும் முகவரிகள் தெரியும். அவற்றில் `/skin/frontend/` என்று இருந்தால் மஜெண்டோவின் முதல் பதிப்பு. `/static/version` என்று தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாவது. `cdn.shopify.com` என்றால் ஷாப்பிஃபை. ஆனால் முதல் பதிப்பு என்று தெரிந்தவுடன் “உங்கள் கடை பாதுகாப்பற்றது” என்று எழுதுவது அவசரம். ‘ஓப்பன்மேஜ்’ என்ற தன்னார்வலர் திட்டம் அந்தப் பதிப்புக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிட்டு வருகிறது. கடைக்காரர் அதைப் பயன்படுத்தினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஓட்டை தேடும் கருவிகளை அனுமதியின்றி ஏவிப் பார்ப்பது அதைவிட மோசம்; அது பிரிட்டனின் 1990-ஆம் ஆண்டு கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் சிக்க வைக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர் பார்க்கக்கூடியதை மட்டுமே பார்ப்பது என்பதுதான் சரியான எல்லை.

வேகத்தைக் குறை சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. கோவையில் உட்கார்ந்து திறந்தால் லண்டன் சர்வரில் இருக்கும் தளம் மெதுவாகத்தான் வரும். கடைக்காரர் தன் ஊரில் திறந்தால் சட்டென்று வந்துவிடும். எழுதியவர் பொய்யர் ஆகிவிடுவார். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் பக்கத்தில் இரண்டு வகை அளவுகள் கிடைக்கின்றன. ஒன்று அந்த நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனை. இது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். மற்றொன்று, குரோம் உலாவியில் அந்தத் தளத்துக்கு வந்த உண்மையான ஆட்களிடமிருந்து கடந்த 28 நாட்களில் திரட்டியது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கடிதத்தில் வேகம் பற்றி ஏதாவது எழுதுவதானால் இரண்டாவது வகை எண்ணைத்தான் எழுத வேண்டும். போதுமான ஆட்கள் வராத தளத்துக்கு அந்த எண் கிடைக்காது. அப்போது வேகத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே மேல்.

விற்பனையை நேரடியாகத் தடுக்கும் பழுது எப்போதும் இதைவிட வலுவானது. அதைக் கண்டுபிடிக்கப் போனில் ஒரு பொருளைத் தேடி, அளவு தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தாலே போதும். அப்படிப் பார்த்த பிறகு அந்தக் குழு எழுதும் ஆங்கிலக் கடிதம் தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“பொருள்: மொபைலில் 8-ஆம் அளவு பூட்ஸ் வாங்க முடியவில்லை.

வணக்கம். உங்கள் தளத்தில் ஆண்களுக்கான பழுப்பு நிற பூட்ஸ் பக்கத்தைப் போனில் திறந்து 8-ஆம் அளவைத் தேர்ந்தெடுத்தால் கூடைக்குள் போகிறது. கூடையைத் திறந்ததும் ‘இருப்பு இல்லை’ என்கிறது. செவ்வாயன்று ஒரு ஐபோனிலும் ஓர் ஆண்ட்ராய்டு போனிலும் பார்த்தோம். வேறு மூன்று மாடல்களிலும் இதே நிலை. இருப்பில்லாத அளவுகள் பட்டியலிலிருந்து நீங்காததுதான் காரணம் என்று தோன்றுகிறது. உங்கள் டெவலப்பருக்கு இது சிறிய வேலையாகத்தான் இருக்கும்.

நாங்கள் கோயம்புத்தூரில் ஐந்து பேர். மஜெண்டோ கடைகளைப் பராமரிப்பதும், வேறு தளத்துக்கு மாற்றுவதும் எங்கள் தொழில். உங்கள் கடை அதன் முதல் பதிப்பில் இருப்பதாகத் தெரிகிறது. மாற்றும் எண்ணம் இருந்தால், எதை முதலில் மாற்ற வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தர முடியும். வேண்டாம் என்றால் ஒரு வரியில் சொல்லுங்கள். மறுபடி எழுத மாட்டோம்.”

கீழே எழுதியவரின் முழுப் பெயரும், நிறுவனத்தின் பெயரும், அஞ்சல் முகவரியும் வரும். இணைப்புக் கோப்பு எதுவும் இல்லை, விலையும் இல்லை. உள்ளே எத்தனை பொருட்கள், எந்தக் கணக்கு மென்பொருளோடு தொடர்பு என்று தெரியாமல் சொல்லும் எந்த விலையும் கற்பனைதான். அனுபவமுள்ள கடைக்காரருக்கு அது தெரியும். பழுதை எப்படிச் சரிசெய்வது என்பதை ஒளித்து வைக்காமல் சொல்லிவிட்டதைக் கவனிக்கலாம். ‘பதில் எழுதினால் சொல்கிறோம்’ என்ற தூண்டில் இங்கே எடுபடாது.

கடிதம் எழுதலாமா என்பதை அந்த நாட்டுச் சட்டமும் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு முன்அனுமதி இல்லாமல் வணிக மெயில் அனுப்பலாம். ஆனால் தனிநபராகத் தொழில் செய்பவருக்கு அனுப்பக் கூடாது. நிறுவனம் என்றால் பதிவுப் பெயரையும் எண்ணையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே முதல் வேலை பக்கத்தின் அடியில் பார்ப்பது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முன்அனுமதி கேட்பதில்லை. உண்மையான தலைப்பு, அஞ்சல் முகவரி, விலகிக்கொள்ளும் வழி ஆகியவை இருக்க வேண்டும். ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு அனுப்பவும் வெளிப்படையான முன்அனுமதி தேவை. அந்த நாட்டுக் கடைகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதிய கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழுந்துவிட்டால் பயனில்லை. அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் பெயரில் அனுப்ப உரிமை உண்டு என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. டிகேஐஎம் கடிதத்துக்கு மின்னணு முத்திரை இடுகிறது. இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. கூகுளின் மெயில் சேவையைப் பயன்படுத்தும் குழுவின் டொமைன் பதிவுகளில் இப்படி இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது `_dmarc` என்ற பெயரில் சேர்க்கப்படும்:

```
v=spf1 include:_spf.google.com ~all
v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com
```

சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தங்களுடைய வேறொரு ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, `Show original` என்பதைத் திறந்தால் மூன்றுக்கும் நேரே `PASS` என்று வர வேண்டும். கடிதம் திறக்கப்பட்டதா என்று ஒற்றறியக் கண்ணுக்குத் தெரியாத படத்தை ஒட்டி அனுப்பும் வழக்கமும் உண்டு. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதனால் ‘திறக்கப்பட்டது’ என்ற கணக்கை நம்ப முடியாது. ஒரு வாரம் கழித்துக் கடையில் போய் 8-ஆம் அளவைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை. பழுது மறைந்திருந்தால் யாரோ படித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வாரத்தில் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடேயிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பிரிட்டன் கடைகளுக்கு உச்ச விற்பனைக் காலம். அதற்குச் சில வாரங்கள் முன்பே பல கடைகள் தளத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பூட்டிவிடும். அக்டோபரில் போய் ‘கடையைப் புதிதாகக் கட்டலாமா’ என்று கேட்பவருக்கு இந்தத் தொழிலே தெரியாது என்று அர்த்தம். ஜனவரி கடைசியில், சீசனில் தளம் கொடுத்த தொல்லைகள் நினைவிலிருக்கும்போது கேட்டால் காது கொடுப்பார்கள்.

பதில் வந்தால் அதில் விலை பற்றிய கேள்வி இருக்கும். ஆனால் கடைக்காரரின் பயம் வேறு. பல வருடமாகக் கூகுளில் சேர்த்து வைத்த இடம் போய்விடுமோ என்பது முதல் பயம். பழைய பக்க முகவரி ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு ‘301’ எனப்படும் நிரந்தரத் திருப்பம் மூலம் இணைக்காவிட்டால் அது நடக்கத்தான் செய்யும். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் அடுத்த சிக்கல். ஷாப்பிஃபைக்கு மாறினால் அவற்றைக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொருவரும் புதிதாக வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும் குழுவுக்கு மதிப்பு கூடும்.

பாதி வேலையில் ஆள் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இதற்கு வாக்குறுதி பதிலாகாது, ஏற்பாடுதான் பதில். நிரல் முழுவதும் முதல் நாளிலிருந்தே கடைக்காரரின் கணக்கில் இருக்க வேண்டும். டொமைனும் சர்வரும் அவர் பெயரிலேயே தொடர வேண்டும். முடிந்த பகுதிக்கு மட்டும் பணம். வாடிக்கையாளர்களின் உண்மையான விவரங்களை இந்தியாவுக்கு அனுப்புவது பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனி ஒப்பந்தம் கேட்கும் காரியம். மாதிரிப் பெயர்களை வைத்துக் கட்டிவிட்டு, கடைசி மாற்றத்தை அவர்களுடைய சர்வரிலேயே ஓட்டினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். நேர வித்தியாசத்தையும் மழுப்பாமல் சொல்லிவிடலாம்: அங்கே காலை 9 மணி என்பது கோவையில் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. மாலை ஆறரை வரை வேலை செய்யும் குழுவோடு அவர்கள் தினமும் நான்கைந்து மணி நேரம் நேரடியாகப் பேச முடியும்.

இத்தனைக்கும் பிறகு முழுக் கடையையும் ஒப்படைக்கும்படி கேட்பது பேராசை. கட்டணம் பெற்றுச் செய்யும் சிறிய முதல் வேலைதான் இரு தரப்புக்கும் ஏற்றது. பழைய முகவரிகளின் முழுப் பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் துணை மென்பொருள்களில் எது தேவை, எது தேவையில்லை என்ற கணக்கு, இருப்புக் கணக்கு எந்த வழியாகத் தளத்துக்கு வருகிறது என்ற வரைபடம்: இவை இரண்டு வாரத்தில் முடியக்கூடியவை. இந்த அறிக்கை கடைக்காரருக்கே சொந்தம். அதை எடுத்துக்கொண்டு வேறொரு குழுவிடம் போகவும் அவருக்கு உரிமை உண்டு. முழு வேலைக்கான விலையை அந்த அறிக்கையை வைத்துத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும். மஜெண்டோவை விட்டு மாற வேண்டாம், ஓப்பன்மேஜைப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று அறிக்கை முடிவதும் உண்டு. அப்படி முடிந்தால் அந்தக் குழுவுக்குக் கிடைப்பது புதுக் கடை கட்டும் வேலையல்ல, மாதாந்திரப் பராமரிப்பு வேலை.