இல்லாத நாட்களும் கணக்கில் உண்டு

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த மாத மருந்துக்கு இண்டென்ட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரை ஆறு மாதத்தில் 26,000 போயிருக்கிறது. ஆறால் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 4,333.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் 51 நாள் மாத்திரையே இல்லை. "ஸ்டாக் இல்லைங்க, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பதிவேட்டில் கொடுத்தது ஏறும், கேட்டது ஏறாது.

மருந்து வழங்கலில் இதற்கு எளிய திருத்தம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. 51 நாளை 30.5 ஆல் வகுத்தால் 1.67 மாதம். ஆறிலிருந்து அதைக் கழித்தால் 4.33. அதாவது 26,000 மாத்திரையும் கையிருப்பு இருந்த 4.33 மாதத்தில் போனவை. அதனால் உண்மையான தேவை மாதம் ஏறக்குறைய 6,000.

4,333 மட்டும் வரவழைத்தால் அது 22 நாளில் தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் பார்த்தால் செலவும் அதே 4,333. போன மாதக் கணிப்பு அச்சாகப் பலித்ததுபோல் தெரியும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இந்தத் தவறில் மோசமானது இதுதான்.

திருத்தத்துக்கும் ஓட்டைகள் உண்டு. மாத்திரை குறையும்போது ஒரு மாதத்துக்குப் பதில் பத்து நாளுக்கு மட்டும் கொடுப்பார்கள். இருப்பு பூஜ்யமாகாததால் அந்த நாட்கள் 51 இல் சேராது, ஆனாலும் தேவை அப்போதும் முழுதாகப் பதிவாகவில்லை. ஐந்நூறு தீர்ந்ததும் ஆயிரம் மி.கி. மாத்திரையைக் கொடுத்திருந்தால் அதன் செலவு வீங்கியிருக்கும். அந்த ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு ஐந்நூறாக மாற்றி எழுத வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை ஆயிரம் தேவைக்கு மேல் வந்து சேரும்.

சர்க்கரை நோய் மருந்தில் ஒரு வசதி, விடையைச் சரிபார்க்க வேறு வழியும் இருக்கிறது. நோயாளிகள் பதிவேட்டில் தினம் இரண்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் 100 பேர் இருந்தால் மாதத்துக்கு 6,000. இரண்டு கணக்கும் பொருந்துகின்றன. பதிவேட்டில் 130 பேர் இருந்தால் 7,800 வர வேண்டும். அந்த இடைவெளிக்குச் சிலர் வேறு ஊருக்குப் போனது காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பிய சலிப்பில் வெளிக்கடையில் வாங்கத் தொடங்கியிருக்கலாம். மாத்திரையையே நிறுத்தியும் இருக்கலாம். இருப்பு இருந்த நாட்களில்கூட வராத இவர்களை எந்த வகுத்தலும் காட்டாது. பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்துக்கொண்டு கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போய் விசாரித்தால்தான் தெரியும்.